காந்தல் குருசடியில் எழுந்த கேள்வி

ஊட்டிப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் தமிழ் வாத்தியார். இது என் மாணவி ஒருத்திக்கு எழுதிய கடிதம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. தமிழ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதி, திருத்த வைத்த நோட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். மூன்று வரியில் பதில் எழுதித் திருப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், முடியவில்லை. அவள் சம்மதத்தோடு, அவள் பேரையும் அடையாளத்தையும் எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன்.

*

கண்ணு,

உன் கேள்வியை அப்படியே திரும்ப எழுதுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீ பார்த்துக்கொள்ளலாம்.

“ஐயா, நீங்கள் வகுப்பில் ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ சொல்லிவிட்டு எல்லா மதமும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறது என்றீர்கள். மே 3ஆம் தேதி காந்தல் குருசடித் திருவிழாவுக்கு என் தோழியும் என்னோடு வந்தாள். அவள் முஸ்லிம். அங்கே வைத்திருக்கும் சிலுவைத் துண்டைக் காட்டி, இயேசு அறையப்பட்ட சிலுவையின் ஒரு துண்டு இது என்று சொன்னேன். அவள் மெதுவாக, ‘எங்கள் வேதத்தில் ஈஸா நபியைச் சிலுவையில் அறையவில்லை என்றுதான் இருக்கிறது’ என்றாள். சண்டை எதுவும் இல்லை. வெளியே வந்து சுண்டல் சாப்பிட்டோம். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் எப்படி ஐயா ஒரே உண்மையாக இருக்கும்?”

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. பின்வரிசையில் யாரோ “அப்போ எந்தச் சாமி பெருசு?” என்று கேட்டுச் சிரித்தார்கள். வகுப்பை அடக்க ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. எல்லா மதமும் ஒன்றுதான் என்ற வாக்கியம் நம் ஊரில் பெரும்பாலும் அதற்குத்தான் பயன்படுகிறது. பேச்சை நிறுத்த அதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

நான் சொன்ன பாட்டையே எடுத்துக்கொள். அது திருமூலருடையது. அதே திருமந்திரத்தில் ஐந்தாம் தந்திரத்தில் ‘புறச்சமய தூடணம்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. தூடணம் என்றால் பழித்தல். “ஆயத்துள் நின்ற அறுசமயங்களும் காயத்துள் நின்ற கடவுளைக் காண்கிலா” என்று அங்கே பாடுகிறார். ஆறு சமயங்களும் உடம்புக்குள்ளே இருக்கும் கடவுளைக் காணவில்லையாம். ஒருவனே தேவன் என்று பாடியவரும் அவர்தான். அவருக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. தேவன் ஒருவன்தான்; ஆனால் அவனை எல்லாரும் கண்டுவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

சரி, உன் தோழி சொன்னதற்கு வருவோம்.

அவள் சொன்னது குர்ஆனில் நான்காவது அத்தியாயம், 157ஆம் வசனம். அவரை அவர்கள் கொல்லவில்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அவர்களுக்கு அப்படித் தோற்றமளிக்கப்பட்டது என்பது அதன் கருத்து. அடுத்த வசனம் இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது. உங்கள் பக்கம் பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தைப் பார். கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் எங்கள் போதனை வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்கிறார். சாகாதவர் உயிர்த்தெழ முடியாது. ஆக, ஒருவர் நடக்கவே இல்லை என்கிறார். இன்னொருவர் அது நடக்காவிட்டால் எங்களிடம் ஒன்றுமே இல்லை என்கிறார். எருசலேமுக்கு வெளியே ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மனிதர் இறந்தாரா இல்லையா என்ற கேள்விக்கு இரண்டு விடையும் சரியாக இருக்க முடியாது. கணக்கு வாத்தியாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

இதை ஒரு வரலாற்றுத் தகவல் பற்றிய சின்னத் தகராறு என்று ஒதுக்கிவிட்டு, இரண்டு பேரும் அன்பைத்தானே சொல்கிறார்கள் என்று சிலர் சமாதானம் செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், மனிதனுக்கு என்ன குறை என்பதிலேயே இரண்டு சமயமும் வேறுபடுகின்றன.

கிறிஸ்தவம் மனிதனைப் பாவத்தில் விழுந்தவனாகப் பார்க்கிறது. அவன் தானாக எழுந்து வர முடியாது. அவனுக்காக இன்னொருவர் விலை கொடுக்க வேண்டும். அந்த விலை சிலுவை. அதனால்தான் காந்தலில் ஒரு மரத் துண்டுக்கு முன்னால் உன் அம்மா மண்டியிடுகிறார். இஸ்லாமோ மனிதனை மறதிக்காரனாகப் பார்க்கிறது. அவனுக்கு நேர்வழி காட்ட வேண்டும், நினைவூட்ட வேண்டும். அதற்குத்தான் நபிமார்கள். அவன் பாவத்தை அவன்தான் சுமக்க வேண்டும். சுமை சுமக்கும் எவரும் மற்றவர் சுமையைச் சுமக்க மாட்டார் என்று குர்ஆன் பல இடங்களில் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. இப்போது பார். பிறர் பாவத்தை ஒருவர் சுமக்கவே முடியாது என்றால், சிலுவைக்கு அங்கே வேலையே இல்லை. உன் தோழி சொன்ன ஒரு வரி தனியாகத் தொங்கவில்லை. அதன் பின்னால் ஒரு முழுச் சமயம் நிற்கிறது. நீ காட்டிய மரத் துண்டுக்குப் பின்னாலும் அப்படித்தான்.

அதே நேரம், இரண்டு பேரும் மரியாதையோடு சொல்லும் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதையும் விட்டுவிடாதே. குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயத்தின் பெயரே மர்யம், உங்கள் மரியாள். அவர் கன்னியாகப் பிள்ளை பெற்றதை இரண்டு சமயமும் ஏற்கின்றன. அண்ணன் தம்பி வீட்டுக்குள் இருக்கிற வேறுபாடு இது. அதனால்தான் கூர்மையாகவும் இருக்கிறது.

யானைக் கதை உனக்குத் தெரியும். பிறவிக்குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்து ஆளுக்கொன்று சொன்ன கதை. எல்லா மதமும் ஒன்று என்பதற்கு எல்லாரும் இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். பாலி மொழியில் இருக்கும் உதானம் என்ற பௌத்த நூலில் இந்தக் கதையின் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

சாவத்தி நகரத்து அரசன் ஊரிலுள்ள பிறவிக்குருடர்களைக் கூட்டி வரச் சொல்கிறான். ஆளுக்கொரு பாகமாக யானையைக் காட்டச் சொல்கிறான். தலையைத் தொட்டவன் குடம் என்கிறான். காதைத் தொட்டவன் முறம். தந்தம் கலப்பைக் கொழு, துதிக்கை ஏர்க்கால், உடம்பு குதிர், கால் தூண், வால் உலக்கை, வால் நுனி துடைப்பம். அப்புறம் இதுதான் யானை, அதல்ல என்று ஒருவரையொருவர் குத்திக்கொள்கிறார்கள். அரசன் பார்த்து ரசிக்கிறான்.

இந்தக் கதையைப் புத்தர் எதற்காகச் சொல்கிறார் தெரியுமா? உலகம் நிலையானதா இல்லையா, உயிரும் உடம்பும் ஒன்றா வேறா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த பிற சமயத் துறவிகளைப் பற்றிப் பிக்குகள் வந்து சொல்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் சொல்கிறார். அவர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் சரி என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கண் இல்லை என்கிறார். கதையில் யானை முழுதாகத் தெரிகிற ஒருவன் இருக்கிறான், அவன் அரசன். கதை சொல்கிறவர் நிற்பதும் அவன் பக்கத்தில்தான். கூடலூர்ப் பக்கம் பலாப்பழம் பழுக்கும் காலத்தில் வீட்டு வாசலுக்கே யானை வந்து நிற்கும். அதை நேரில் பார்த்தவன்தான் இது வெறும் கால், அது வெறும் வால் என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆக, எல்லாச் சமயமும் ஒரே யானையைத்தான் தடவுகின்றன என்று ஒருவர் சொன்னால், ஐயா நீங்கள் எங்கே நின்று யானையைப் பார்த்தீர்கள் என்று நீ கேட்கலாம். மரியாதையோடு கேள். ஆனால் கேள்.

இதே கேள்வியை நம் தமிழில் ஒருவர் நேருக்கு நேராக எடுத்து எழுதியிருக்கிறார். பதிமூன்றாம் நூற்றாண்டு. அருணந்தி சிவாசாரியார். நூல் சிவஞான சித்தியார். உன் கேள்விக்கு ஏறத்தாழ எழுநூறு வருட வயது என்று தெரிந்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

“ஓதுசமயங்கள் பொருளுணரும் நூல்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் உளபலவும்” என்று ஆரம்பிக்கிறார். சமயங்களும் அவற்றின் நூல்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, பல இருக்கின்றன என்று முதல் அடியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். என்னை மாதிரி மணி அடிக்கப் போகிறது என்ற அவசரம் அவருக்கு இல்லை. இவற்றில் எது சமயம், எது மெய்ந்நூல் என்று கேட்டால் என்ன சொல்வது? இது சரி, அது தப்பு என்ற பிணக்கு இல்லாமல், இவை எல்லாவற்றையும் முறையாக ஓரிடத்தில் காணும்படி எது நிற்கிறதோ அதுவே சமயம் என்கிறார்.

இந்த இடத்தோடு பாட்டை நிறுத்தினால் மேடையில் கைதட்டல் கிடைக்கும். பலரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் பாட்டு இன்னும் முடியவில்லை. ஆதலினால் இவையெல்லாம் அருமறை ஆகமத்தில் அடங்கிவிடும், அவை இரண்டும் அரன் அடிக்கீழ் அடங்கும் என்று முடிக்கிறார். எல்லாவற்றையும் ஓரிடத்தில் காணலாம் என்றார் அல்லவா? அந்த இடம் எது என்றும் சொல்லிவிட்டார். சிவன் திருவடி.

அவருடைய இன்னொரு பாட்டு இன்னும் பிரபலம். “யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்.” நீ எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாகச் சிவனே வருவான். எவ்வளவு பெரிய மனசு என்று தோன்றும். மனசு பெரியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் வருகிறான் என்ற காரணம் அடுத்த வரியில் இருக்கிறது. “மற்றத் தெய்வங்கள் வேதனைப் படும்இறக்கும் பிறக்கும்மேல் வினையும் செய்யும்.” மற்றத் தெய்வங்கள் துன்பப்படும், சாகும், பிறக்கும், வினையும் செய்யும். அதனால் இவை எதுவும் இல்லாத சிவனே அறிந்து அருள வேண்டியிருக்கிறது. துன்பப்பட்டு இறந்த ஒருவரைக் கடவுள் என்று வணங்கும் உன் அம்மாவிடம் இந்த வரியைக் காட்டு. இது எங்கள் சமயத்தைப் பற்றித்தான் சொல்கிறது என்று ஒத்துக்கொள்வாரா? அவருக்கு அந்தத் துன்பமும் சாவும்தான் நம்பிக்கையின் நடு.

இப்படிச் சொல்கிறவர் அருணந்தி மட்டுமில்லை. வேறு தெய்வங்களைப் பக்தியோடு வணங்குகிறவர்களும் என்னையே வணங்குகிறார்கள், ஆனால் முறை தவறி வணங்குகிறார்கள் என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறான். உங்கள் கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965இல், பிற சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை, மனிதர் அனைவருக்கும் ஒளிதரும் உண்மையின் கதிர் அவற்றிலும் பல நேரம் தெரிகிறது என்றது. வழியும் உண்மையும் வாழ்வுமான கிறிஸ்துவை அறிவிப்பது தன் கடமை என்றும் அதே மூச்சில் சொன்னது. கதிர் எல்லா இடத்திலும் விழுகிறது, சூரியன் எங்கள் வீட்டில். சைவர் சொன்னாலும் வைணவர் சொன்னாலும் ரோமாபுரி சொன்னாலும் அமைப்பு ஒன்றுதான்.

இதை ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதே. ஒருவர் தன் இடத்தில் நின்றுதான் பார்க்க முடியும். நான் முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவன். எல்லாம் ஒன்று என்று நான் சொல்லும்போது என் மனதில் ஓடுவது வேல் பிடித்த ஓர் உருவம். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் கேட்கிறவருக்கு நியாயம் செய்ததாகும். அருணந்தி அதைச் செய்தார். ‘அரன் அடி’ என்று வெளிப்படையாகச் சொன்னார். இன்றைக்கு நாம் அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பொதுவானது போலச் சொல்கிறோம்.

இன்னொன்றையும் அவர் செய்தார். சித்தியாரின் முதல் பாதிக்குப் பரபக்கம் என்று பெயர். பிறர் பக்கம். உலகாயதன் தொடங்கிப் பௌத்தர் நால்வர், சமணத்தில் நிகண்டவாதி, ஆசீவகன், மாயாவாதி, பாஞ்சராத்திரி என்று பதினான்கு மதங்களை அதில் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றிலும் முதலில் அவன் மதம் என்ன என்று பாடுவார். அப்புறம்தான் மறுதலை, அதாவது மறுப்பு. கடவுளே கிடையாது, கண்ணுக்குத் தெரிவதே உண்மை என்கிற உலகாயதனுக்கும் அவன் தரப்பைச் சொல்ல இடம் கொடுத்துவிட்டுத்தான் மறுக்கிறார். மறுப்பு சில இடத்தில் கடுமையாக இருக்கும், கேலியும் இருக்கும். அந்தத் தரப்புக்காரர்கள் எல்லாரும் இதுதான் எங்கள் மதம் என்று ஒப்பியிருப்பார்களா என்பது வேறு கேள்வி. ஆனால் பதினான்கையும் படிக்காமல் பதினைந்தாவதில் நின்றுகொண்டு எல்லாம் எங்கள் அடிக்கீழ் என்று அவர் சொல்லிவிடவில்லை.

மணிமேகலையையும் இதற்காகவே பார். உனக்கு அதில் பசிப்பிணியும் அமுதசுரபியும்தான் தெரியும், அதைத்தான் அதிகம் சொல்வார்கள். இருபத்தேழாம் காதையை நீ படித்திருக்க மாட்டாய். அதில் அவள் துறவி வேடத்தில் வஞ்சி நகரத்துக்குப் போய், அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி என்று ஒவ்வொருவராகத் தேடி, உங்கள் சமயம் என்ன சொல்கிறது என்று கேட்கிறாள். முதலில் நிற்பவன் அளவைவாதி என்பதைக் கவனி. ஒன்றை நாம் எப்படி அறிகிறோம், காண்டலாலா, கருதலாலா, நூல் வாக்காலா என்பதுதான் அவன் பேச்சு. என்ன உண்மை என்று கேட்பதற்கு முன் எப்படித் தெரியும் என்று கேட்டாக வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது.

கடைசியில் வருபவன் பூதவாதி. கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்கிறான். மணிமேகலை சிரித்துவிடுகிறாள். அப்புறம் கேட்கிறாள்: உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் இந்த உலகத்தில் வேறு எப்படி அறிவாய்? யோசித்துப் பார். நாம் பிறந்ததை நாம் பார்க்கவில்லை. இவர்தான் அம்மா என்று நமக்குச் சொன்னார்கள், நம்பினோம். நான் முப்பது வருடமாக வகுப்பில் கேள்வி கேட்கிறேன், இத்தனை நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டதில்லை.

அவள் பத்துப் பேரையும் கேட்டுவிட்டு எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. எல்லாரையும் கேட்டுக்கொண்டாள், எதிலும் மனம் நிற்கவில்லை, பிறகு அறவண அடிகளிடம் போய்ப் பௌத்த தருமம் கேட்டாள். நூலை எழுதியவர் பௌத்தர், அதனால் முடிவு அங்கேதான் போகும். அது போகட்டும். கேட்டாள் பார், அதுதான் எனக்கு வேண்டும்.

நீ உடனே ஒன்று சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கொள்கை வேறாக இருக்கட்டும் ஐயா, நடத்தையில் எல்லாம் ஒன்றுதானே, பொய் சொல்லாதே, பசித்தவனுக்குச் சோறு போடு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள் என்பாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். பொய் சொல்லாதே என்பதில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் சமயம் இல்லாதவரும் அதையேதான் சொல்கிறார். ஆக, அந்த ஒற்றுமை சமயங்களின் ஒற்றுமை என்று சொல்லிவிட முடியாது.

மீதிப் பாதிக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பார். உன் தோழி ரமலானில் சாப்பிட மாட்டாள். நீ தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சி தொட மாட்டாய். என் வீட்டில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மூன்றும் நோன்புதான். அவள் நோன்பு இறையச்சம் வருவதற்கு என்று குர்ஆன் காரணம் சொல்கிறது, அது குர்ஆன் இறங்கிய மாதம். நீ இயேசு பாலைவனத்தில் பட்டினி கிடந்த நாற்பது நாளோடு நடக்கிறாய். என் மனைவி ஆறாம் நாள் சூரசம்ஹாரத்துக்காகக் காத்திருக்கிறாள். வயிற்றில் இருக்கும் பசி ஒன்று. அந்தப் பசியோடு மூன்று பேரும் மூன்று கதைக்குள் இருக்கிறார்கள். கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பட்டினிதான், அதற்குச் சமயம் எதற்கு?

இன்னொரு விஷயம். நம் மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ‘மதங்கள் என்ன போதிக்கின்றன’ என்று கேட்கும்போதே, எல்லா மதமும் எதையாவது போதிக்கும் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பல வருடங்களுக்கு முன்னால் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களில் இளைஞர் ஒருவரிடம், உங்கள் சமயம் என்ன சொல்கிறது என்று நான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சொல்றதுன்னு என்ன இருக்குங்க சார், செய்யறதுதான் இருக்கு” என்றார். அப்போது அவர் மழுப்புகிறார் என்று நினைத்தேன்.

பிறகுதான் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தோடர்களைப் பற்றி எழுதி 1906இல் வந்த பெரிய நூலைப் புரட்டினேன். அவர்கள் கோயிலே ஒரு பால்மனை. பூசாரியே எருமையைக் கறந்து மோர் கடைகிறவர். புனித மந்தையின் பாலை எந்தப் பாத்திரத்தில் ஊற்றலாம், எது எதைத் தொடலாம், எது தொடக்கூடாது என்பதில் அத்தனை நுணுக்கம். அவர்கள் வழிபாட்டுச் சொற்களில் பெரும்பகுதி பெயர்கள். மலைகள், ஊர்கள், பால்மனைகள், எருமைகள் ஆகியவற்றின் புனிதப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவது. ஒரு கடவுள் கதையும் உண்டு. ஓன் என்ற தெய்வம் மகன் இறந்தபோது அவனைப் பிரிய முடியாமல் அவனோடு இறந்தவர்கள் உலகத்துக்கே போய்விட்டார், அங்கேயே ஆள்கிறார். அவர் சகோதரி தெய்கிர்ஷி இங்கே உயிரோடு இருப்பவர்கள் உலகை ஆள்கிறாள்.

இதில் எந்த வரியை எடுத்து, எந்தக் கொள்கையோடு ஒப்பிடுவாய்? பாவம், மீட்பு, முக்தி என்று எந்தப் பெட்டியிலும் அது உட்காராது. உட்கார வைத்தால் எருமைகளை வெளியே தள்ள வேண்டியிருக்கும். எல்லா மதமும் ஒரே உண்மையைச் சொல்கின்றன என்ற வாக்கியத்தில், புத்தகம் உள்ள சமயங்களுக்குத்தான் நாற்காலி போட்டிருக்கிறது. அந்த இளைஞர் எனக்குச் சரியான விடைதான் சொன்னார். கேட்டவனுக்குக் காது போதவில்லை.

மறுபடியும் காந்தலுக்கு வருகிறேன். எனக்கு ஆறு வயதில் கடுமையான காய்ச்சல். என் அம்மா எல்க்ஹில் முருகனுக்கு வேண்டிக்கொண்டு, அதே வாரம் என்னைத் தூக்கிக்கொண்டு குருசடிக்கும் போனார். பெரியவனானதும் கேட்டேன், ஏம்மா, முருகன் மேல நம்பிக்கை இல்லையா என்று. “அவர்கிட்ட கேட்டாச்சு. இவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னு போனேன்” என்றார். இருவரும் ஒருவரே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒருவரென்றால் ஒரு தடவை கேட்டால் போதுமே! அங்கே வரும் கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள் என்பது கண்ணால் காண்கிற உண்மை. அவர்கள் எல்லாரும் ஒரே கொள்கைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவர்கள்.

உன் தோழியின் வேதத்தில் ஐந்தாம் அத்தியாயத்து 48ஆம் வசனத்தையும் அவளிடம் கேட்டுப் பார். உங்களில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நெறியும் வழியும் ஏற்படுத்தினோம். இறைவன் நாடியிருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான். ஆகவே நன்மைகளில் முந்திக்கொள்ளுங்கள். எதில் நீங்கள் வேறுபட்டீர்களோ அதை அவன் உங்களுக்கு அறிவிப்பான் என்ற கருத்தில் வருகிறது. வேறுபாடு இல்லை என்று அது சொல்லவில்லை. தீர்ப்பு இப்போது உங்கள் கையில் இல்லை என்கிறது. ஆலிம்கள் இதற்கு என்னென்ன விளக்கம் தருகிறார்கள் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அவள் வாப்பாவுக்குத் தெரியும்.

ஆக, உன் கேள்விக்கு என் விடை: இல்லை கண்ணு, ஒரே உண்மையைச் சொல்லவில்லை. சில இடங்களில் ஒன்றாகச் சொல்கின்றன, சில இடங்களில் ஒன்று சரியென்றால் மற்றது சரியாக இருக்க முடியாது, சில இடங்களில் எதையும் சொல்லவே இல்லை. எது எந்த இடம் என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். சிலுவையைப் பற்றி உன் தோழி சொன்னதை முழுதாக, அவள் ஆமாம் அதுதான் என்று தலையாட்டும்படி, உன்னால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று ஒரு தடவை முயன்று பார். பரபக்கம் மாதிரி. நீ நம்புவதை அவளும் அப்படியே சொல்லிப் பார்க்கட்டும். முதல் இரண்டு தடவை தப்பாகத்தான் வரும். எனக்கு இந்தக் கடிதத்திலேயே எத்தனை இடத்தில் வந்திருக்கிறதோ, உன் அம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கி வா.

நோட்டில் இரண்டாம் பருவத்து இலக்கணப் பயிற்சி பாதியில் நிற்கிறது, அதையும் முடி. மணிமேகலை உரைநூல் என் மேசை மேல் இருக்கிறது, இருபத்தேழாம் காதையில் பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன். ஒருத்தியாக வராதே, அவளையும் கூட்டிக்கொண்டு வா. இந்த வாரம் நாலு மணிக்கே மஞ்சு இறங்கிவிடுகிறது, அதனால் மதிய இடைவேளையில் வாருங்கள்.

இப்படிக்கு,
உன் தமிழ் ஐயா